மொத்தம் சரி, வரிகள் தப்பு

காங்கேயம் பக்கம் ஒரு செக்கு எண்ணெய்க் கடையில் கணக்கு எழுதும் பெண் ஒரு நாள் மாலை என்னைக் கூப்பிட்டார். குரலில் பதற்றம்.

"அண்ணா, மொத்தம் சரியாத்தானுங்க வருது. ஆனா வேப்ப எண்ணெய் மூணு லிட்டருக்கு நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்னு காட்டுதுங்க. நான் எதையும் மாத்தலைங்க. சார்ட் மட்டுந்தான் பண்ணினேன்."

"அதுக்கு முன்னாடி டேபிளை எடுத்து விட்டீங்களா?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேச்சில்லை. "ஆமாங்க. ஒரு வரி விட்டு ஒரு வரி கலரா இருக்குது, பிரிண்ட் எடுத்தா மை போகுதுன்னு முதலாளி சொன்னாருங்க. அதனால நேத்து கன்வெர்ட் டு ரேஞ்ச் கொடுத்தேன். ஆனா கலர் போகவே இல்லைங்க."

அவர் செய்த இரண்டு காரியங்களும் எக்செல்லில் அன்றாடம் எல்லோரும் செய்பவைதாம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் தவறில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தபோது, இடையில் எக்செல் சத்தமில்லாமல் செய்துவைத்த ஒரு மாற்றம் கணக்கைக் குலைத்துவிட்டது. அந்த மாற்றம் என்ன என்பதை, அவருடைய ஃபைலைப் போன்ற சிறிய மாதிரி ஒன்றை வைத்துப் பார்த்துவிடலாம். ஐந்தே சரக்குதான்.

Sheet1 என்ற தாளில் A முதல் D வரை நான்கு நெடுவரிசைகள். முதல் வரியில் Item, Qty, Rate, Amount என்று தலைப்புகள். இரண்டாவது வரியில் நல்லெண்ணெய், 12 லிட்டர், லிட்டர் 380 ரூபாய். மூன்றில் கடலை எண்ணெய், 20 லிட்டர், 240 ரூபாய். நான்கில் தேங்காய் எண்ணெய், 8 லிட்டர், 450 ரூபாய். ஐந்தில் விளக்கெண்ணெய், 5 லிட்டர், 200 ரூபாய். ஆறில் வேப்ப எண்ணெய், 3 லிட்டர், 300 ரூபாய். இந்தப் பகுதியைக் கண்ட்ரோலும் T-யும் அழுத்தி டேபிளாக்கி, அதற்கு Sales என்று பெயர் வைத்திருக்கிறோம். Amount நெடுவரிசையில் எல்லா வரிகளிலும் ஒரே ஃபார்முலா:

```
=[@Qty]*[@Rate]
```

Summary என்ற வேறொரு தாளில் மொத்தத்துக்கு ஒரு ஃபார்முலா:

```
=SUM(Sales[Amount])
```

இரண்டும் வாய்விட்டுப் படிக்கக்கூடியவை. முதலாவது, 'இந்த வரியில் இருக்கும் அளவை இந்த வரியில் இருக்கும் விலையால் பெருக்கு' என்கிறது. @ குறிக்கு 'இந்த வரி' என்பதே பொருள். இரண்டாவது, 'Sales டேபிளின் Amount முழுவதையும் கூட்டு' என்கிறது. எந்தச் செல்லில் தொடங்கி எந்தச் செல்லில் முடிகிறது என்ற பேச்சே இல்லை. டேபிள் ஐந்து வரியானாலும் ஐந்நூறு வரியானாலும் ஃபார்முலா மாறாது. எக்செல் 2007-இல் டேபிள் வந்தபோது இந்த எழுத்துமுறையும் கூடவே வந்தது. அப்போது @ கிடையாது. [#This Row] என்று நீளமாக எழுத வேண்டியிருந்தது. 2010 பதிப்பில்தான் அது @ என்று சுருங்கியது.

அதற்கு முன்னால், 1979-இல் வந்த விசிகால்க் காலத்திலிருந்தே விரிதாள்களில் வழங்கிவந்தது செல் முகவரிதான். B2, C2 என்று நெடுவரிசைக்கு ஓர் எழுத்து, வரிக்கு ஓர் எண். ஒரு தெருவில் ஒருவரைப் பெயர் சொல்லித் தேடலாம். கதவு எண்ணை வைத்தும் தேடலாம். டேபிள் எழுத்துமுறை பெயர் சொல்லித் தேடுவது. செல் முகவரி கதவு எண்ணை வைத்துத் தேடுவது. ஆட்கள் வீடு மாறாதவரை இரண்டும் ஒரே ஆளிடம்தான் கொண்டுபோய் விடும்.

இப்போது டேபிளின் மேல் வைத்து வலது பக்கச் சொடுக்கு, Table, பிறகு Convert to Range. சாதாரண ரேஞ்சாக மாற்றவா என்று எக்செல் கேட்கும். Yes கொடுத்த நொடியில் Sales என்ற பெயர் ஃபைலிலிருந்து மறைந்துபோகிறது. அந்தப் பெயரை நம்பியிருந்த ஃபார்முலாக்களை அந்தரத்தில் விட முடியாது அல்லவா? ஆகவே அந்த நிமிடத்தில் டேபிள் எந்தச் செல்களில் இருந்ததோ அந்த முகவரிகளை ஒவ்வொரு ஃபார்முலாவிலும் எக்செல் எழுதிவிடுகிறது. Summary தாளில் இருந்த மொத்தம் இப்படி ஆகிவிடும்:

```
=SUM(Sheet1!$D$2:$D$6)
```

இரண்டாம் வரியின் Amount இப்படி:

```
=Sheet1!$B2*Sheet1!$C2
```

திரையில் தெரியும் எண் ஒன்றுகூட மாறாது. 4560, 4800, 3600, 1000, 900, மொத்தம் 14860. வண்ணப் பட்டைகளும் அப்படியே இருக்கும், ஏனென்றால் டேபிள் கொடுத்த வண்ணத்தைச் செல்களின் சொந்த வண்ணமாக்கிவிட்டுத்தான் டேபிள் விலகுகிறது. தலைப்பில் இருந்த வடிகட்டும் அம்புக்குறிகள் போவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் பெரும்பாலோர் ஃபார்முலா மாறியதைக் கவனிப்பதே இல்லை.

அந்த இரண்டாவது ஃபார்முலாவை நிதானமாகப் பாருங்கள். B-க்கும் C-க்கும் முன்னால் டாலர் குறி இருக்கிறது, 2-க்கு முன்னால் இல்லை. நெடுவரிசை நகராது, வரி எண் நகரும் என்று அதற்குப் பொருள். அது சரிதான். கீழே இழுத்தால் மூன்றாம் வரியில் $B3, நான்காம் வரியில் $B4 என்று ஒழுங்காகவே போகும். உறுத்த வேண்டியது வேறொன்று. Sheet1! என்ற தாள் பெயர். ஃபார்முலா இருப்பதே Sheet1-இல்தான். தன் வீட்டுக்குள் இருந்துகொண்டே தன் ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்வது போல. கையால் எழுதியிருந்தால் யாரும் அப்படி எழுதமாட்டோம். =B2*C2 என்று எழுதிவிட்டுப் போயிருப்போம். எக்செல் மாற்றி எழுதும்போது தாளின் பெயரையும் சேர்த்தே எழுதுகிறது.

பார்க்க வீண் சுமை போலத் தெரியும் இந்தப் பெயர்தான் அந்தக் கடைக் கணக்கைக் கவிழ்த்தது. வரிகளைச் சார்ட் செய்யும்போது ஒவ்வொரு வரியும் தன் ஃபார்முலாவைத் தூக்கிக்கொண்டு புது இடத்துக்குப் போகிறது. ஃபார்முலாவில் வெறும் B2, C2 என்று இருந்தால், போன இடத்தின் வரி எண்ணுக்கு ஏற்ப எக்செல் அதைத் திருத்திக்கொள்ளும். தாள் பெயர் ஒட்டியிருந்தால் திருத்தாது. அது இதே தாளின் பெயராக இருந்தாலும் சரி, வெளியூர் முகவரியாகவே கருதிப் பழைய எண்ணோடு விட்டுவிடும்.

அந்தப் பெண் செய்தது போல Qty-ஐ வைத்துச் சிறியதிலிருந்து பெரியதாகச் சார்ட் செய்வோம். 3 லிட்டர் வேப்ப எண்ணெய் இரண்டாம் வரிக்கு ஏறுகிறது. 5 லிட்டர் விளக்கெண்ணெய் மூன்றாம் வரி. 8 லிட்டர் தேங்காய் எண்ணெய் நான்காம் வரியிலேயே நிற்கிறது. 12 லிட்டர் நல்லெண்ணெய் ஐந்து, 20 லிட்டர் கடலை எண்ணெய் ஆறு. பெயர், அளவு, விலை எல்லாம் சரியாகவே நகர்ந்துவிட்டன. Amount என்ன ஆயிற்று? வேப்ப எண்ணெயின் ஃபார்முலா ஆறாம் வரியில் பிறந்தது. இரண்டாம் வரிக்கு வந்த பிறகும் அது இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது:

```
=Sheet1!$B6*Sheet1!$C6
```

ஆறாம் வரியில் இப்போது குடியிருப்பது கடலை எண்ணெய். 20 பெருக்கல் 240. எனவே 3 லிட்டர் வேப்ப எண்ணெய்க்கு 4800 ரூபாய். விளக்கெண்ணெயின் ஃபார்முலா ஐந்தாம் வரியைப் பார்க்கிறது. அங்கே நல்லெண்ணெய், ஆகவே 4560. நல்லெண்ணெய் தன் பழைய இரண்டாம் வரியைப் பார்த்து 900 என்கிறது. கடலை எண்ணெய் மூன்றாம் வரியைப் பார்த்து 1000 என்கிறது. இடம் மாறாத தேங்காய் எண்ணெய் ஒன்றுதான் 3600 என்று சரியாக நிற்கிறது. ஆட்கள் வீடு மாறிவிட்டார்கள். கடிதங்கள் பழைய கதவு எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கின்றன.

இனி மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். 4800, 4560, 3600, 900, 1000. அதே 14860. என்னை மிகவும் கலங்க வைப்பது இதுதான். ஐந்து ஃபார்முலாக்களும் ஐந்து வரிகளையும் ஆளுக்கொன்றாகத்தான் பார்க்கின்றன. யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதுதான் குழம்பியிருக்கிறது. தொகைகள் கலைந்தாலும் ஒன்றும் தொலையவில்லை, ஒன்றும் கூடவில்லை. கணக்கு எழுதுபவர்கள் சரிபார்க்கும் வழக்கமான முறை மொத்தத்தை ஒப்பிடுவது. அந்தச் சோதனையில் இந்தப் பிழை சிக்கவே சிக்காது. பிழைச் செய்தி இல்லை, சிவப்பு எழுத்து இல்லை. வேப்ப எண்ணெயின் தொகை கண்ணை உறுத்தும் அளவுக்குப் பெரியதாக வந்ததால் அவர் பிழைத்தார். எல்லாச் சரக்கும் கிட்டத்தட்ட ஒரே விலையில் இருக்கும் துணிக்கடையில் இது நடந்திருந்தால் மாதக்கணக்கில் தெரியாமலே போயிருக்கும்.

தெரிந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு, 1-க்கு இடப்பக்கம் உள்ள ` விசையை அழுத்தினால் எண்களுக்குப் பதில் ஃபார்முலாக்கள் தெரியும். ஒவ்வொரு ஃபார்முலாவிலும் உள்ள வரி எண், அது உட்கார்ந்திருக்கும் வரியின் எண்ணோடு பொருந்துகிறதா என்று மேலிருந்து கீழே ஓட்டிப் பார்க்கலாம். அதே விசைகளை மறுபடி அழுத்தினால் எண்கள் திரும்பிவிடும். வரிகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் கண் சோர்ந்துவிடும். அப்போது பக்கத்தில் காலியாக உள்ள நெடுவரிசையில், E2-இல் இதைப் போட்டுக் கீழே இழுக்கலாம்:

```
=B2*C2-D2
```

எல்லா வரிகளிலும் பூஜ்யம் வர வேண்டும். நம் உதாரணத்தில் E2 மைனஸ் 3900 காட்டும். இந்த நெடுவரிசையைக் கூட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். அந்தக் கூட்டுத்தொகை பூஜ்யமாகத்தான் வரும். வரி வரியாகத்தான் பார்க்க வேண்டும்.

கெட்டுப்போன பிறகு சரிசெய்வதில் பலர் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். சார்ட் செய்த கையோடு கவனித்துவிட்டால் கண்ட்ரோல் Z போதும். தாமதமாகிவிட்டால், D2-ஐப் பிடித்துக் கீழே இழுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. D2-இல் இப்போது இருப்பது $B6. இழுத்தால் $B7, $B8 என்று காலி வரிகளுக்குப் போகும். இதுவரை பிழைத்துக் கிடந்த மொத்தமும் அதோடு போய்விடும். D2-இல் புதிதாக எழுதி, பிறகு இழுக்க வேண்டும்:

```
=B2*C2
```

டேபிளை எடுத்தாயிற்று, ஆனால் இன்னும் சார்ட் செய்யவில்லை என்றால் வேலை எளிது. ஃபார்முலாக்கள் உள்ள செல்களைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் H அழுத்தி, Find what பெட்டியில் Sheet1! என்று போட்டு, Replace with பெட்டியைக் காலியாக விட்டு, Replace All கொடுக்க வேண்டும். தாள் பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தால் ஃபார்முலாவில் அது ஒற்றை மேற்கோளுக்குள் இருக்கும். ஃபார்முலாப் பட்டையில் தெரிவதை அப்படியே நகல் எடுத்துப் போட்டுவிடுவது நல்லது. Options-ஐத் திறந்து Within என்பதில் Sheet என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். Workbook என்று இருந்தால் Summary தாளில் உள்ள மொத்தத்தின் தாள் பெயரும் அழிந்துவிடக்கூடும். பிறகு அது தன் சொந்தத் தாளின் D2 முதல் D6 வரை உள்ள காலிச் செல்களைக் கூட்டிப் பூஜ்யம் என்று சொல்லும். இன்னொன்று, இந்த நீக்கத்தைச் சார்ட் செய்வதற்கு முன்பு செய்தால்தான் பலன். குழம்பிய பிறகு தாள் பெயரை நீக்கினால், இரண்டாம் வரியில் =$B6*$C6 என்று குழப்பம் அப்படியே நிலைத்துவிடும்.

மொத்தத்துக்கான ஃபார்முலாவில் உள்ள சிக்கல் வேறு வகை. $D$2:$D$6 என்று இரண்டு பக்கமும் ஆணி அடித்தாகிவிட்டது. மறுநாள் ஏழாம் வரியில் இலுப்பை எண்ணெய் 4 லிட்டர், 350 ரூபாய் என்று சேர்த்தால் அதன் தொகை 1400. மொத்தம் 16260 ஆக வேண்டும். Summary தாள் 14860-லேயே நிற்கும். டேபிளாக இருந்தபோது கடைசி வரிக்குக் கீழே தட்டச்சு செய்ததுமே டேபிள் நீண்டு அதையும் சேர்த்துக்கொண்டது. அந்தப் பழக்கத்தில்தான் கை போகும். நடுவில் ஒரு வரியை Insert செய்து சேர்த்தால் மட்டும் $D$6 தானாக $D$7 ஆகும். அதனால் சில நாள் மொத்தம் சரியாகவும் சில நாள் குறைவாகவும் வரும். எப்போது எந்த வரியை எங்கே சேர்த்தோம் என்று யாருக்கு நினைவிருக்கும்?

அந்தக் கடையின் ஃபைலில் இன்னொன்றும் உடைந்திருந்தது. பில் போடும் தாளில் சரக்குப் பெயரைத் தேர்ந்தெடுக்க ஒரு கீழிறங்கு பட்டியல். Data Validation பெட்டி Sales[Item] என்று நேரடியாக எழுதினால் ஏற்காது. ஆகவே பலரும் கையாளும் சுற்றுவழியை யாரோ செய்து கொடுத்திருந்தார்கள்:

```
=INDIRECT("Sales[Item]")
```

மேற்கோள் குறிகளுக்குள் இருப்பது வெறும் எழுத்து. Convert to Range கொடுக்கும்போது எக்செல் ஃபார்முலாவில் உள்ள பெயர்களைத்தான் முகவரியாக மாற்றுகிறது, மேற்கோளுக்குள் எழுதிய எழுத்தைத் தொடுவதில்லை. அதனால் அங்கே Sales என்ற பெயர் அப்படியே நின்றுவிட்டது, ஆனால் அந்தப் பெயரில் இப்போது யாரும் இல்லை. பட்டியல் திறப்பதில்லை. இதே ஃபார்முலா ஒரு செல்லில் இருந்திருந்தால் #REF! என்று காட்டியிருக்கும். அந்த டேபிளைப் பெயர் சொல்லி அழைக்கும் மேக்ரோவோ பவர் குவெரியோ இருந்தாலும் இதே கதைதான். என்னைக் கேட்டால், இப்படிக் கூச்சல் போட்டு உடைவது எவ்வளவோ மேல். உடைந்தது உடனே தெரிகிறது, திருத்திவிடலாம்.

"திரும்பவும் டேபிளாக்கினாச் சரியாயிருமுங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார். நியாயமான கேள்வி. ஆகாது என்பதுதான் பதில். டேபிளை ரேஞ்சாக்கும்போது பெயர்களை முகவரியாக்கும் எக்செல், ரேஞ்சை டேபிளாக்கும்போது முகவரிகளைப் பெயராக்குவதில்லை. பெயரிலிருந்து முகவரிக்குப் போவதற்கு ஒரே விடைதான் உண்டு. முகவரியிலிருந்து பெயருக்கு வரும்போது அப்படியில்லை. $D$2:$D$6 என்று எழுதியவர் Amount முழுவதையும் நினைத்தாரா, தற்செயலாக அந்த ஐந்து செல்களை மட்டும் நினைத்தாரா என்று எக்செல்லுக்கு எப்படித் தெரியும்? டேபிளுக்கு மறுபடி Sales என்று நாமேதான் பெயர் வைக்க வேண்டும். Amount நெடுவரிசையின் முதல் செல்லில் =[@Qty]*[@Rate] என்று எழுதி, மற்ற வரிகளிலும் அதை நிரப்ப வேண்டும். Summary தாளுக்குப் போய் மொத்தத்தையும் மாற்றி எழுத வேண்டும். கீழிறங்கு பட்டியல் மட்டும் Sales என்ற பெயர் திரும்பி வந்ததும் தானே உயிர் பெற்றுவிட்டது.

அன்று மாலை தொலைபேசியிலேயே ஒவ்வொன்றாகச் செய்தோம். கடைசியில் முதலாளியின் மனக்குறை மிஞ்சியது, வண்ணம். அதற்கு டேபிளைத் தொடவே வேண்டியதில்லை. புதிதாக எடுத்த டேபிளில், Table Design தாவலில் Table Styles என்ற இடத்தில் முதலில் இருக்கும் None-ஐத் தேர்ந்தெடுத்தால் டேபிள் கொடுத்த வண்ணம் போய்விடும். டேபிள் டேபிளாகவே இருக்கும். இவருடைய ஃபைலில் முந்தின நாள் மாற்றத்தில் வண்ணம் செல்களிலேயே ஊறிவிட்டிருந்ததால், Home தாவலில் No Fill கொடுத்து அதையும் அகற்ற வேண்டியிருந்தது. அம்புக்குறிகள் இடைஞ்சல் என்றால் அதே Table Design தாவலில் Filter Button என்பதன் முன்னுள்ள குறியை எடுத்துவிடலாம். [@Qty] என்று வருவது பழக்கமில்லை, B2 என்றே வேண்டும் என்பவர்கள் File, Options, Formulas போய் Use table names in formulas என்பதை அணைத்துவிட்டால், செல்லைச் சொடுக்கி ஃபார்முலா எழுதும்போது பழைய முறையில் முகவரியே வரும். இதற்காகவும் டேபிளை இழக்க வேண்டாம்.

டேபிளை எடுத்தே ஆக வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. Data தாவலில் உள்ள Subtotal கட்டளை டேபிளுக்குள் வேலை செய்யாது. செல்களை ஒன்றாக இணைக்கவும் டேபிள் விடாது. அப்படித் தேவைப்படும்போது நான் ஃபைலை நகல் எடுத்து, நகலில்தான் Convert to Range கொடுப்பேன். கொடுத்த உடனே, வேறு எதையும் தொடுவதற்கு முன், கண்ட்ரோல் H.

எல்லாம் முடிந்து Qty-ஐ வைத்து மறுபடி சார்ட் செய்து பார்க்கச் சொன்னேன். செய்தார். மொத்தத்தை அவர் வாசிக்கவில்லை. மேலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். "வேப்ப எண்ணெய் மூணு லிட்டர், முந்நூறு, தொள்ளாயிரமுங்க. விளக்கெண்ணெய் அஞ்சு, இருநூறு, ஆயிரமுங்க..."